நாலு மணிக்கு சார்ஜ் இருக்கா?

அக்கா பையனுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கணும்னா, "நீதானே இன்ஜினியரிங் படிக்கிற, பார்த்துச் சொல்லு"ன்னு வேலை உங்ககிட்டதான் வரும். கேமரா, வீடியோ கால், கேம்ஸ்னு பார்த்து மயங்கிடாதீங்க. அந்த வாட்ச் கட்டாயம் உயிரோட இருக்க வேண்டிய நேரம், பையன் ஸ்கூல் விட்டு வேன்ல ஏறுற சாயங்காலம். லஞ்ச் பிரேக்ல கேம் ஆடியே சார்ஜ் தீர்ந்திருந்தா, எஸ்ஓஎஸ் பட்டன் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால ஸ்கிரீன் டைமும் பாதுகாப்பும் வேற வேற கேள்வி இல்லைங்கறது என் கருத்து.

ஜிபிஎஸ்ஸும் பேட்டரியைத் தின்னும். கான்கிரீட் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் சரியா கிடைக்காம வாட்ச் தேடிக்கிட்டே இருக்கும். காலை 8 மணியிலிருந்து 4 மணி வரை நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் பார்த்தா மொத்தம் 480 தடவை. போக அரை மணி, வர அரை மணி மட்டும் அப்படி வச்சு, வகுப்பு நடக்கிற 7 மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு தடவை போதும்னு விட்டா வெறும் 67 தான். ஆப்ல இப்படி நேரத்துக்கேத்த மாதிரி மாத்த முடியலைன்னா அந்த மாடலை விட்டுடுங்க.

4ஜி வாட்ச்சான்னும் கேளுங்க. ஜியோவில் 2ஜி கிடையாது. வாங்கினதும் கேம்ஸைப் பூட்டுற கிளாஸ் மோடைப் போட்டுட்டு எஸ்ஓஎஸ்ஸை அழுத்துங்க. அப்பவும் அக்கா போன் அடிக்கணும். அடிக்கலைன்னா, அன்னைக்கே கடையில திருப்பிக் கொடுங்க.