சிமெண்ட் எங்கே கைமாறுகிறது?

ராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் ராம்கோ சிமெண்ட்ஸ் தொடர்பான வழக்கு ஒன்று, சென்னையில் உள்ள சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் பெரிய அமர்வுக்குப் போனது. வரி வழக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள், விஷயம் எளிதுதான்.

ஆர்.ஆர். நகர் ஆலையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கடை ஒன்றுக்கு லாரியில் சிமெண்ட் போவதாக வைத்துக்கொள்வோம். லாரி வாடகைக்கு ஆலை சேவை வரி கட்டுகிறது. அந்தத் தொகையை, சிமெண்டுக்கான கலால் வரியில் கழித்துக்கொள்ளலாமா? 'சரக்கு வெளியேறும் இடத்திலிருந்து' ஆகும் போக்குவரத்துக்குக் கழிவு உண்டு என்றிருந்த விதி, 2008 ஏப்ரல் 1 முதல் 'வெளியேறும் இடம் வரை' என்று மாறியது. ஒரு சொல் மாறியதில் எத்தனையோ வழக்குகள்!

அந்த இடம் ஆலை வாசலா, கடை வாசலா? 2015-இல் ரூஃபிட், எம்கோ வழக்குகளில், சரக்கு வாங்குபவரிடம் போய்ச் சேரும்போதுதான் விற்பனை முடிகிறது என்றால் அதுவே வெளியேறும் இடம் என்று உச்ச நீதிமன்றம் பார்த்தது. அதனால் லாரி வாடகையும் சரக்கின் மதிப்பில் சேர்ந்து, அதற்கும் கலால் வரி விழும். ஆனால் 2018 பிப்ரவரியில் அல்ட்ராடெக் வழக்கில், 2008-க்குப் பிறகு வாங்குபவர் இடம் வரையிலான போக்குவரத்துக்குக் கழிவு கிடையாது என்றது அதே நீதிமன்றம். தீர்ப்பாயத்தின் அமர்வுகளில் சில ரூஃபிட்டைப் பிடித்துக்கொண்டு கழிவு கொடுத்தன, சில அல்ட்ராடெக்கைக் காட்டி மறுத்தன.

பெரிய அமர்வுக்குப் போன கேள்வியின் சாரம் இது: கடை வாசலில் ஒப்படைக்கும் 'எஃப்.ஓ.ஆர்.' விற்பனையில் வெளியேறும் இடம் எது? அது வாங்குபவரின் இடம்தான் என்று முடிவானால், அதுவரை லாரி வாடகைக்குக் கட்டிய சேவை வரிக்குக் கழிவு உண்டா?

அனுப்பியது சரி என்றே எனக்குப் படுகிறது. மதிப்புப் போடும்போது கடை வாசல், கழிவு கேட்டால் ஆலை வாசல் என்றால், ஒரே லாரிக்கு இரண்டு கணக்கு ஆகிவிடும்.

2023 டிசம்பரில் பெரிய அமர்வு பதில் சொன்னது. ரூஃபிட், எம்கோ தீர்ப்புகளையும், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர் தீர்ப்பையும், வாரியத்தின் 8.6.2018 சுற்றறிக்கையையும் வைத்து முதலில் இடத்தை முடிவு செய்ய வேண்டும், அந்த இடம் வரை கழிவு உண்டா என்பதை அதன்பிறகே தீர்மானிக்க முடியும் என்றது. அதாவது அல்ட்ராடெக்கைக் காட்டிய உடனே கோப்பை மூடிவிட முடியாது.

அதற்காக எல்லா ஆலைக்கும் பணம் வந்துவிடாது. பில்லில் 'எஃப்.ஓ.ஆர்.' என்று அச்சடித்தால் மட்டும் போதாது. இறக்கி வைக்கும்வரை சிமெண்ட் ஆலைக்குத்தான் சொந்தமா, வழியில் மூட்டை நனைந்தால் நஷ்டம் யாருடையது, வாடகை விலைக்குள் அடக்கமா என்று ஒப்பந்தத்தையும் பில்லையும் புரட்டித்தான் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்தக் கலால் வரியே சிமெண்டுக்குப் போய்விட்டது. பழைய பில்களுக்குத்தான் இத்தனை பாடு.