பதின்மூன்றாம் மாதச் சம்பளம் தயவா, பாத்தியதையா?

தூத்துக்குடித் துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் கிளியரிங் ஏஜெண்டுகளின் ஆபீஸுகளிலும், சரக்குக் கிடங்குகளிலும், உப்பு வியாபாரிகளின் கணக்கறைகளிலும், தீபாவளியையோ கிறிஸ்துமஸையோ ஒட்டி ஒரு மாதச் சம்பளத்தை மேற்கொண்டு கொடுக்கும் வழக்கம் உண்டு. நியமன உத்தரவில் இதைப்பற்றி ஒரு வரியும் இராது. அந்த ஒரு வரி இல்லாமையையே ஆதாரமாகக் கொண்டு, இப்பணம் முதலாளியின் தயவு என்றும், தயவை நினைத்தபோது கொடுக்கவும் நினைத்தபோது நிறுத்தவும் அவருக்குப் பூரண சுதந்திரம் உண்டென்றும் ஒரு கொள்கை நிலைபெற்றிருக்கிறது. முதலாளிகள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. பணத்தை உழைத்துப் பெறுகிறவர்களும் இதை நம்புவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அக்கொள்கையைத் தாங்கி நிற்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

எழுதாதது ஒப்பந்தமாகாது என்பது முதற் காரணம். இந்தக் கடற்கரையில் பிறந்தவர் இதைச் சொல்லலாகாது. சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்புகளில், கடலடியிலிருந்து எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு மூழ்கி எடுத்தவனுக்கும் மற்ற இரண்டு பங்கு சர்க்காருக்கும் என்ற முறை இருந்தது. மூழ்கியவர்கள் ஆளுக்கொரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கடலில் இறங்கியவர்கள் அல்லர். ஆயினும் கரைக்கு வந்த சிப்பியைப் பங்கிடும்போது அந்த மூன்றிலொன்றை யாரும் தர்மம் என்று சொன்னதில்லை. தொழிற்சட்டமும் இதே வழியில்தான் சென்றிருக்கிறது. கல்கத்தாவின் மகாலக்ஷ்மி பஞ்சாலை வழக்கில் 1952-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நியாயசபை, துர்க்கா பூஜைக்காக ஆண்டுதோறும் கொடுத்துவந்த போனஸ், எழுதப்படாவிட்டாலும் வேலை நிபந்தனைக்குள் அடங்கியதாகக் கொள்ளப்படக்கூடும் என்று சொல்லி, எப்போது அப்படிக் கொள்ளலாம் என்பதற்கு அளவுகோல்களையும் வகுத்தது. 1959-இல் இஸ்பஹானி கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அக்கருத்தை ஏற்றது. அதே ஆண்டில் தீர்ப்பான கிரஹாம் டிரேடிங் கம்பெனி வழக்கில், வழக்கத்தால் வரும் போனஸுக்கு நான்கு அடையாளங்கள் சொல்லப்பட்டன: இடையறாது கொடுத்திருக்க வேண்டும், போதிய நெடுங்காலம் கொடுத்திருக்க வேண்டும், நஷ்ட வருஷங்களிலும் கொடுத்திருக்க வேண்டும், ஒரே விகிதத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

லாபமில்லாத வருஷத்தில் போனஸ் கேட்பது அநியாயம் என்னும் இரண்டாவது காரணத்துக்கு, மேற்சொன்ன மூன்றாவது அடையாளமே விடையாகிறது. லாபத்தில் பங்கு கேட்கும் போனஸ் ஒரு ஜாதி. பண்டிகையை ஒட்டி வழக்கத்தால் வருவது வேறொரு ஜாதி. முன்னதற்கு லாபநஷ்டக் கணக்கு வேண்டும். பின்னதற்கோ, நஷ்டம் வந்த வருஷத்திலும் முதலாளி முணுமுணுக்காமல் கொடுத்தார் என்பதே சாக்ஷியாகிறது. பண்டிகை வருகிறது, சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் துணியும் எண்ணெயும் வாங்கியாக வேண்டும், ஆகவே கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்திலேயே இரு தரப்பாரும் நடந்துகொண்டார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது.

மூன்றாவது காரணமே இன்று மிகுதியாகக் கேட்கப்படுவது: "1965-ஆம் வருஷத்து போனஸ் சட்டம் வந்த பிறகு பழைய வழக்கத்துக்கு இடமில்லை, சட்டப்படி கொடுத்தால் போதும்." இதைச் சற்று நின்று ஆராய வேண்டும். அச்சட்டம் நிர்ணயித்த குறைந்த அளவு நூற்றுக்கு 8.33, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பார்வைக்கு அது ஒரு மாதச் சம்பளமேயாம். ஆனால் எந்தச் சம்பளத்தில் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். 2015-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கியவருக்கு போனஸ் உண்டாயிருந்தது. ஆனால் கணக்கிட்டது முழுச் சம்பளத்தின் மேல் அன்று. 7,000 ரூபாய் அல்லது அந்த வேலைக்குச் சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி, இவ்விரண்டில் எது அதிகமோ அதன்மேல்தான்.

இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஓர் ஆபீஸை உதாரணத்துக்காகக் கற்பித்துக்கொள்வோம். அங்கே ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அவர் வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து வருஷமாகத் தீபாவளிக்கு முந்தின வாரம் முழு மாதச் சம்பளம் கொடுத்துவந்த முதலாளி, இவ்வருஷம் "சட்டப்படி 8.33 தருகிறேன்" என்கிறார். வருஷக் கணக்கு 1,44,000 ரூபாய், அதில் 8.33 சதவீதம் ஏறக்குறைய 12,000 ரூபாய். சட்டம் என்ற கௌரவமான பெயரின் கீழ் 6,000 ரூபாய் குறைந்துபோயிற்று. குமாஸ்தாவோ தமக்கு உரியது கிடைத்துவிட்டதாக எண்ணிக் கையெழுத்திடுகிறார்.

சட்டம் இதைச் சொல்லவேயில்லை. பூஜை போனஸோ வேறு வழக்க போனஸோ கொடுத்திருந்தால், அத்தொகையைச் சட்டப்படி கொடுக்கவேண்டிய போனஸில் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் அதன் 17-ஆவது பிரிவு கூறியது. கழித்துக்கொள்ளலாம் என்றால் வழக்கப் பணம் உயிரோடிருக்கிறது என்றுதான் பொருள்படும். நம் குமாஸ்தாவுக்கு வழக்கப்படி 18,000 ரூபாய் சேரவேண்டும். சட்டத்தின் 12,000 ரூபாய் அதனுள் அடங்கிவிடும். இரண்டையும் சேர்த்து 30,000 கேட்க அவருக்கும் வழியில்லை. 1976-இல் பம்பாய் நாக்தேவி வட்டாரத்து இரும்புக் கடை ஊழியர்களைப் பற்றிய மும்பை காம்கார் சபா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், 1965-ஆம் வருஷச் சட்டம் லாப போனஸைப் பற்றியதேயன்றி வழக்க போனஸை அழிக்க வந்ததன்று என்று தெளிவாகச் சொன்னார். 1979-இல் ஹுக்கும்சந்த் சணல் ஆலை வழக்கிலும் அது உறுதியாயிற்று. அச்சட்டத்தின் இடத்தை இப்போது பிடித்திருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பும் இக்கழிவு ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

சிறிய உப்பளங்களின் நிலை வேறு. இருபது பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களுக்குப் பொதுவாக 1965-ஆம் வருஷச் சட்டம் எட்டவில்லை. அங்கே சட்டத்தைக் காட்டி வழக்கத்தைக் குறைக்கவும் இயலாது, வழக்கம் போனால் பிடித்துக்கொள்ளச் சட்டமும் இராது. பதிவுபெற்ற துறைமுகத் தொழிலாளர்களையும் அச்சட்டம் விலக்கியே வைத்தது. பெரிய துறைமுகங்களில் போனஸின் ஸ்தானத்தில் உற்பத்தித்திறனை ஒட்டிய வெகுமதித் தொகை தனி ஏற்பாட்டினால் வருகிறது.

நான்காவது காரணத்தில் மட்டும் சத்து இருக்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. "ஒவ்வொரு முறையும் இது கருணைத் தொகை என்றே சொல்லிக் கொடுத்தேன், அவர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்" என்று முதலாளி காட்டக்கூடுமானால், தொழிலாளி கட்சி தளர்ந்துவிடும். 1960-இல் பி. என். இலியாஸ் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அவ்விதம் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்த பணத்தை வேலை நிபந்தனையாக ஊகிக்க மறுத்தது. வழக்க போனஸ் என்பது ஏதேனும் ஒரு பண்டிகையோடு பிணைந்திருக்க வேண்டுமென்றும் கூறியது. ஆகவே, ரசீதில் அச்சிட்டிருக்கும் சிறு வாக்கியம் பதினைந்து வருஷ வழக்கத்தையும் பலவீனமாக்கக்கூடும். ஒரு வருஷம் அரைச் சம்பளமும் மறு வருஷம் இரண்டு மாதச் சம்பளமுமாக மனம்போனபடி கொடுத்திருந்தாலும் கதி அதுவே. சம்பளம் உயர உயரத் தொகை உயர்ந்தாலும், "ஒரு மாதம்" என்ற அளவு மாறாதிருந்தால் விகிதம் மாறவில்லை என்று வாதிக்க இடமுண்டு.

ஆதலால் வழக்கு முதலில் காகிதங்களில்தான் தீர்மானமாகிறது. சம்பளப் பதிவேட்டில் அத்தொகை எந்தத் தலைப்பில் ஏறியிருக்கிறது, வவுச்சரில் என்ன வாசகம் இருக்கிறது, நஷ்டக் கணக்குக் காட்டிய வருஷத்தில் கொடுத்த தேதி என்ன என்பனவற்றை ஊழியர்கள் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வருமான வரிக் கணக்கில் ஊழியர் போனஸ் என்று செலவெழுதி வரி குறைத்துக்கொண்ட தொகையைத் தொழிலாளியிடம் மட்டும் தர்மம் என்று சொல்வது எனக்கு ஒவ்வாததாகத் தோன்றுகிறது.

கடைசியாக, நிறுத்துவதற்குக்கூட ஒரு முறை உண்டு. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9-ஏ பிரிவும் நான்காவது அட்டவணையும், வழக்கமான சலுகையை விலக்குவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றன; பின்வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அவ்விதியின் சாரம் நிலைத்திருக்கிறது. பண்டிகைக்கு முந்தின நாள் மானேஜர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது முன்னறிவிப்பாகாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு தொழிலாளி என்ற இலக்கணத்துக்குள் வருகிறவர்களுக்கே உரியது. நிர்வாகப் பதவியிலுள்ளவர்களுக்கு இல்லை. தனி ஒருவர் மனுக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயனிராது. சங்கமோ ஆபீஸில் கணிசமான பேரோ சேர்ந்து, எழுத்து மூலம் கேட்டு, மறுத்தால் தொழிலாளர் இலாகாவின் சமரச அதிகாரியிடம் தகராறாக எழுப்ப வேண்டும். அதைத் தள்ளிப்போட்டு இரண்டு மூன்று பண்டிகைகளில் குறைந்த தொகையை மௌனமாக வாங்கிக்கொண்டால், "இடையறாது" என்ற முதல் அடையாளமே அறுந்துபோகும்.