கேவியட் போடும் நேரம்

சண்டை வந்த அன்றே கேவியட் போடுவது வீண் என்பேன். சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் அதன் ஆயுள் 90 நாள்தான். மதில் தகராறில் நண்பர் ஒருவர் ஜனவரியில் போட்டார். எதிராளி மே மாதம் வழக்குப் போட்டு, இவரைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். சுவர் பாதியில் நின்றது.

வக்கீல் நோட்டீஸ் வந்ததும், அல்லது கொத்தனார் வருவதற்குச் சற்று முன்பு போடுவதே சரி. எதிராளிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பவேண்டும். பிறகு அவர் தடை கேட்டால், கோர்ட் நமக்கும் நோட்டீஸ் தரவேண்டும். மனுவின் நகலை அவரே நமக்குத் தரவேண்டும். வழக்கை அது தடுக்காது. தடை உத்தரவுக்கு முன் நம் பத்திரத்தைக் காட்டலாம், அவ்வளவே. கெடு முடிந்தால் மறுபடி போடவேண்டும்; நண்பர் நாளை எண்ணவில்லை.