பஞ்சுப் பையைக் குழாயில கழுவாதீங்க

நம்ம தொண்டர் ஜெர்சியைத் துவைக்கிற விதம் தப்பு. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அது பாலியஸ்டர், அதாவது பிளாஸ்டிக் நூல். துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழை உதிருது. இங்கே பல வீட்டுல மெஷின் தண்ணி நேரா கால்வாய்க்கும், அங்கிருந்து கிள்ளான் ஆற்றுக்கும் போகுது.

"ரெண்டு ஜெர்சிதானே, மெதுவா சுத்தட்டும்"னு டெலிகேட் வாஷ் போடுறோம். 2019-ல இங்கிலாந்து நியூகாசில் பல்கலைக்கழகம் சோதிச்சப்போ, டெலிகேட் வாஷ் சாதாரண வாஷைவிட சராசரியா 8 லட்சம் இழை கூடுதலா உதிர்த்துச்சு. காரணம், சுத்துற வேகம் இல்லை, தண்ணி. துணி கம்மி, தண்ணி அதிகம்னா, தண்ணி துணிக்குள்ள ஊடுருவி இழையை இழுத்துட்டுப் போகுது.

அதனால வேர்வை ஜெர்சியைக் காய வச்சு சேர்த்துடுங்க. மெஷின் நிறைஞ்சதும் பச்சத் தண்ணியில, குறைஞ்ச நேரத்துல துவைங்க. மெஷினுக்குள்ள இருக்கிற பஞ்சுப் பையைக் குழாயில அலசினா பிடிச்சதெல்லாம் திரும்பக் கால்வாய்க்குத்தான். காய விட்டு உரிச்சுக் குப்பையில போடுங்க. ஆனா அந்தப் பை பெரிய இழையைத்தான் பிடிக்கும், பொடி இழை தப்பிச்சுடும்.

புதுத் துணிதான் முதல் சில துவைப்புல அதிகமா உதிர்க்கும். அப்புறம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் புது ஜெர்சி எதுக்கு? கமிட்டி பதில் சொல்லட்டும்.