எவருக்கும் பொருந்தும் பாராட்டு

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிக்கும் ஒருவருக்கு பேக்கிங் மெஷினோ கவரோ விற்க நம் துறையினர் அனுப்பும் முதல் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது: “தங்கள் நிறுவனத்தின் தரமும் வளர்ச்சியும் எங்களை வியக்க வைத்தன. தங்களைப் போன்ற முன்னோடிகளுடன் இணைந்து பணியாற்ற விரும்புகிறோம்.” பெறுநரின் பெயரை மட்டும் மாற்றி இதைச் சாத்தூர்த் தீப்பெட்டி ஆபீசுக்கும், நூற்பாலைக்கும், மிளகாய் வற்றல் மண்டிக்கும் அனுப்பலாம், ஒரு சொல்லும் உறுத்தாது. குறையே அதுதான். நடை சுமார் என்பதாலோ புகழ்ச்சி அதிகம் என்பதாலோ இந்தக் கடிதம் தோற்பதில்லை. எழுதியவர் பெறுநரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளவில்லை என்பதற்குப் படிப்பவர் கையில் கிடைக்கும் முதல் சான்று அந்தப் பாராட்டுதான். என் சரக்கைப் பார்க்காமலே அதன் தரத்தைப் புகழ்பவர், தான் விற்கும் மெஷினைப் பற்றிச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

பாராட்டு வெறும் பேச்சாக இருந்தாலும் வேலை செய்யும் என்போரிடம் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. எலைன் சான், ஜெய்தீப் சென்குப்தா இருவரும் 2010-இல் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. உடை தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு நல்ல ரசனை என்று புகழும் ஒரு கடைத் துண்டறிக்கையைப் படித்தவர்கள், இது விற்பனைக்கான புகழ்ச்சி என்று தெரிந்து அதைத் தள்ளிவைத்தார்கள். ஆனாலும் அந்தக் கடைமீது உள்ளூர ஒரு நல்லெண்ணம் அவர்களிடம் தங்கியிருந்தது. இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நம் வேலைக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்க வேண்டும். துணிக்கடைக்குப் போவதா வேண்டாமா என்பது ஒருவர் தனியாக எடுக்கும் சிறு முடிவு; அந்த நல்லெண்ணமே அவரைக் கடை வாசல் வரை கொண்டுபோய்விடலாம். மெஷின் விற்பவருக்கு வேண்டியது அதைவிடப் பெரியது. முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் தொழிலில் எங்கே நட்டம் வருகிறது என்று எழுதிச் சொல்லப் பெறுநர் முன்வர வேண்டும். அதற்கு நல்லெண்ணம் போதாது, சொன்னால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை வேண்டும். அதோடு, ஒரே சொற்களில் பத்துப் பேர் புகழும்போது அந்த நல்லெண்ணம் யார் பெயரில் ஒட்டும் என்பதற்கும் அந்த ஆய்வில் விடை இல்லை.

அப்படியானால் எதைத் தெரிந்துகொண்டு எழுதுவது? கரிசல் பூமியின் சிறு தொழிலகங்கள் பலவற்றுக்கு இணையதளம் கிடையாது, தகவலுக்கு எங்கே போவது என்பார்கள். கடலைமிட்டாயைப் பொறுத்தவரை கடையில் விற்கும் பாக்கெட்டே போதுமான ஆவணம். ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் அதில் அச்சாகியிருக்கும். முதல் இலக்கம் 2 என்றால் அது பதிவு மட்டும் பெற்ற மிகச் சிறிய தொழில். 1 என்றால் உரிமம் பெற்ற, அதைவிடப் பெரிய தொழில். முழுத் தானியங்கி மெஷின் விற்பவர் 2-இல் தொடங்கும் எண்ணைக் கண்டால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அடுத்து, தயாரித்த தேதியையும் எத்தனை நாளைக்குள் உண்ண வேண்டும் என்ற வரியையும் பாருங்கள். பிறகு பாக்கெட்டைப் பிரியுங்கள். வெல்லப்பாகு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இந்த வட்டாரத்துக்கு மழை முக்கியமாக வருவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வாங்கிய மிட்டாய் பிசுபிசுத்து கவரோடு ஒட்டியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. பிசுபிசுப்பு இல்லாமல் சிக்கு வாடை மட்டும் அடித்தால் கதை வேறு: சாதாரண பாலிப்ரோப்பிலீன் கவர் ஈரத்தை ஓரளவு தடுத்தாலும் ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது, அதனால் கடலையின் எண்ணெய் கெட்டிருக்கலாம். ஈரம் போயிருந்தால், கவரைக் குறை சொல்லும் முன் அதன் ஓரத்தில் சூடு வைத்து ஒட்டிய இடத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டு சீராக இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கவரும் பயன் தராது. அங்கே மாற்ற வேண்டியது ஒட்டும் சூடும் அழுத்தமும்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் பாராட்டுக்கு வேலை இருக்காது. “கார்த்திகையில் தயாரித்த உங்கள் 200 கிராம் பாக்கெட்டை மூன்று வாரம் கழித்துப் பிரித்தோம், நடு ஒட்டின் பக்கம் இருந்த துண்டுகள் மட்டும் இளகியிருந்தன. மழை மாதங்களில் கடைகளிலிருந்து சரக்குத் திரும்பி வருகிறதா?” என்று தொடங்கினால், அந்த வரி அந்த ஒருவருக்கு மட்டுமே உரியது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்குவது விவரமான கடிதம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது உண்மைத் தகவல்தான். ஆனால் விற்கும் பொருளோடு அதற்குத் தொடர்பு ஏதும் இல்லாவிட்டால் அதுவும் பழைய பாராட்டுதான், ஊர் பெயர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே.

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு உழைப்பா, ஆயிரம் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேராவது பதில் போடுவார்களே என்பது அடுத்த மறுப்பு. அனுப்புவதற்குச் செலவில்லை என்ற கணக்கு இப்போது செல்லாது. தனிப்பட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு கூகுள் வைத்த விதிகள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. பெறுவோர் ‘ஸ்பேம்’ என்று குறிக்கும் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடக் கூடாது என்கிறது கூகுள். உள்பெட்டியில் சேர்ந்த ஆயிரம் கடிதங்களில் மூன்று பேர் எரிச்சலில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த எல்லை வந்துவிடும். சிறு தொழில்களில் ஜிமெயில் முகவரியையே வைத்திருப்போர் ஏராளம் என்பதால் இது நம் துறைக்கு நேரடியாகப் பொருந்தும். எல்லையைத் தாண்டினால் கெடுவது அந்த விளம்பரக் கடிதம் மட்டுமல்ல. அதே டொமைனிலிருந்து பழைய வாடிக்கையாளருக்குப் போகும் விலைப்பட்டியலும் பில்லும்கூட ஸ்பேமில் விழத் தொடங்கலாம். உழைப்பைப் பொறுத்தவரை, ஒரே தொழில் ஒரே ஊரில் குவிந்திருப்பது நமக்கு வசதி. ஈரம், ஒட்டு, சிக்கு வாடை பற்றிய அறிவை ஒருமுறை தேடிக்கொண்டால் அந்த ஊரின் எல்லாத் தயாரிப்பாளருக்கும் உதவும். ஆளுக்கு ஆள் மாறுவது பாக்கெட்டைப் பிரித்து எழுதும் அந்த ஒரு வரிதான்.

மரியாதை இல்லாமல் எடுத்த எடுப்பில் குறை சொல்வதா என்றும் கேட்பார்கள். மரியாதை வேண்டும்தான். நேரில் போனால் அண்ணாச்சி என்று கூப்பிட்டு, நலம் விசாரித்துவிட்டுத்தானே பேச்சைத் தொடங்குகிறோம்? கடிதத்திலும் வணக்கமும் பணிவும் இருக்கட்டும். அவை எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. பார்க்காத தரத்தைப் பார்த்ததாகச் சொல்லும் பாராட்டோ பொய். இன்னொரு பக்கம், வேவு பார்த்ததுபோல் தோன்றுமே என்ற தயக்கத்தையும் மதிக்க வேண்டும். தொழிலகம் தானே வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டால், அதாவது லேபிள், பெயர்ப்பலகை, விற்பனைக்கு வந்த சரக்கு இவற்றைத் தாண்டாமல் இருந்தால், அந்தச் சங்கடம் எழாது.

விவரத்தோடு எழுதுவதில் உண்மையான ஆபத்து ஒன்றுதான்: விவரம் தவறாக இருப்பது. தீப்பெட்டியின் சில்லறை விலை 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாக இருந்துவிட்டு, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. இன்று தீப்பெட்டித் தயாரிப்பாளருக்கு மெஷின் விற்க வருபவர், முதலீடு எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற கணக்கை ஒரு ரூபாயை வைத்துப் போட்டிருந்தால், அந்தக் கணக்கின் மற்ற வரிகளை எவரும் படிக்க மாட்டார்கள். அதனால் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தகவலாக எழுதி, தெரியாததைக் கேள்வியாக வைக்க வேண்டும். சரக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பது எந்த லேபிளிலும் இருக்காது. அதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல முடியும்.