வாழ்த்து மடலும் விளம்பரமும்

டிசம்பர் பிற்பாதியில் திருச்சி வீடுகளுக்கு வரும் புத்தாண்டு வாழ்த்துகளில், நகைக்கடை, ஜவுளிக்கடை ஆகியவற்றின் வரிசையில் இப்போது மருத்துவர்களின் மடல்களும் சேர்ந்துள்ளன. அவற்றுள் எது வாழ்த்து, எது விளம்பரம் என்பதை நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

திருவரங்கத்தில் சிறிய கிளினிக் நடத்தும் நண்பர் ஒருவர், சென்ற மார்கழியில் தம் மடலின் வரைவை என்னிடம் காட்டினார. மேலே அவருடைய படம். கீழே புத்தாண்டு வாழ்த்து, அடுத்து, பொங்கல் வரை முழு உடல் பரிசோதனைக்குக் கட்டணச் சலுகை, இறுதியாக, "எங்களை நம்பி வந்த ஆயிரக்கணக்கானோருக்கு நன்றி." இவற்றுள் வாழ்த்து என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு வரிதான்.

இதில் விதியும் உண்டு. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், நோயாளிகளை நேராகவோ மறைமுகமாகவோ அழைத்து ஈர்ப்பதை மருத்துவருக்குத் தகாத செயல் என்கின்றன. மடல்தாளில் தம் படத்தை அச்சிடுவதும் அவ்வாறே. தொழில் தொடங்குதல், முகவரி மாற்றம், விடுப்பில் செல்லுதல், திரும்பி வருதல், கட்டணம் போன்ற செய்திகளைப் பத்திரிகையில் அறிவிப்பதற்குத் தடையில்லை. அதாவது, நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டியதைச் சொல்லலாம். அவரை வரவழைப்பதற்காகச் சொல்லக்கூடாது.

நாங்கள் இருவரும் அமர்ந்து மடலை மாற்றி எழுதினோம். அது இவ்வாறு அமைந்தது:

"வணக்கம். வைகுண்ட ஏகாதசி அன்றும் ஜனவரி முதல் நாளும் கிளினிக் திறந்திராது. ஏகாதசியை ஒட்டி வீதிகளில் வாகனங்கள் வருவது கடினம்; ஆகவே இன்சுலினையும் அன்றாட மாத்திரைகளையும் பத்து நாளைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் விரதம் இருக்க விரும்பினால், மருந்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் முன்னரே கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள், கோயிலில் வெறுங்காலில் நடந்து வந்த பின் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்கவும். அவசரமென்றால் 108. உங்களுக்கும் வீட்டாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்."

"இது வாழ்த்தா, அறிவிப்புப் பலகையா?" என்று நண்பர் ஐயுற்றார். அக்கறை என்பது இந்த இடத்தில் இப்படித்தான் தெரியும் என்பேன். இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் வழக்கமான அளவையே எடுத்துக்கொண்டு உபவாசம் இருந்தால், விடியற்காலைக் கூட்டத்தில் வியர்வையும் நடுக்கமும் கண்டு தடுமாறக்கூடும். அதைப் பக்திப் பரவசம் என்றோ நீண்ட நேரம் நின்ற களைப்பு என்றோ அருகில் இருப்பவர் எண்ணிவிடுவர். உணர்விழந்த பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. சில நாள் கழித்துக் காலுறையில் ஈரம் படும்போதுதான் தெரிய வரும். "உங்கள் மருத்துவரிடம்" என்று எழுதினோமே தவிர, "எங்களிடம்" என்று எழுதவில்லை. அந்தக் கிளினிக்கின் பெயரை அழித்துவிட்டாலும் மடல் பயன்படும்.

சொற்களைவிட முகவரிப் பட்டியல்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. அவ்வாண்டில் காலமானவர்களின் பெயர்கள் அதில் அப்படியே இருந்தன. துக்கம் ஆறாத வீட்டுக்கு, மறைந்தவர் பெயரிலேயே "நலமுடன் வாழ்க" என்று ஒரு மடல் போய்ச் சேர்வதைவிடக் கொடியது வேறில்லை. கணினிப் பதிவில் பிழைத்தவரும் மறைந்தவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். வரவேற்பில் பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் அம்மையார்தாம் ஒவ்வொரு பெயராகப் படித்துக் களைந்தார்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நோயாளிகள் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்தால், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். இன்னார் இன்ன மருத்துவரிடம் செல்கிறார் என்பதும் தெருவுக்குத் தெரிந்துவிடும். காசநோய், மனநலச் சிகிச்சை பெறுவோருக்கு இதனால் வரும் சங்கடத்தைச் சொல்லத் தேவையில்லை. தனித்தனியே சென்று சேரும் ஒலிபரப்புப் பட்டியல் முறையில் இந்தக் குறை இல்லை. ஆனால் கிளினிக்கின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அது சேரும். எஞ்சிய முதியோருக்கு மூடிய உறையில் தபால். அஞ்சலட்டை வேண்டாம், நோயின் பெயர் தபால்காரர் கண்ணுக்கும் பக்கத்து வீட்டார் கண்ணுக்கும் தெரிய வேண்டியதில்லை.

இவ்வாண்டு உங்களுக்கு வரும் மடல் உங்கள் வீட்டில் மறைந்தவர் பெயருக்கு வந்தாலோ, நீங்கள் கேளாத குழுவில் உங்களைச் சேர்த்திருந்தாலோ, அனுப்பிய இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். வேறோர் ஊர் மருத்துவமனையில் உயிர் பிரிந்த செய்தி, உள்ளூர் கிளினிக்கின் பதிவேட்டுக்கு வருவது பெரும்பாலும் உறவினர் சொன்னால் மட்டுமே.