வண்டியும் வாகனமும்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தகவல் தாளின் தமிழ் வரைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருந்து தன்னை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும்வரை நோயாளி வண்டி ஓட்டக் கூடாது என்கிறது ஆங்கில மூலம். வரைவில் இருப்பதோ, “இந்த மருந்தைச் சாப்பிடும்போது வண்டி ஓட்டக் கூடாது.” சரிபார்ப்பவர் ‘சாப்பிடும்போது’ என்பதை ‘உட்கொள்ளும்போது’ ஆக்குகிறார், ‘வண்டி’யை ‘வாகனம்’ ஆக்குகிறார், ‘கூடாது’ என்பதையும் ‘வேண்டாம்’ என்று மாற்றுகிறார். ‘தெரியும்வரை’ என்ற வரம்பு காணாமல் போனது அவர் கண்ணில் படவில்லை. மாதக்கணக்கில் அந்த மருந்தைச் சாப்பிடும் ஆட்டோ ஓட்டுநருக்கு அந்த வரி பிழைப்பையே நிறுத்தும் தடையாக அச்சேறும்.

அவர் கவனக்குறைவானவர் அல்ல. கவனம் முழுவதும் தமிழ் நடையில் இருந்ததால் மூலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை (2015), மொழிபெயர்த்தவர் அல்லாத ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்குகிறது. நம் விருப்பத்துக்கு வரைவைத் திருத்த உட்கார்ந்தால் அந்த ஒப்பீடுதான் முதலில் கைநழுவுகிறது.

இதைத் தவிர்க்க, வரைவை ஒருமுறை மூலத்தைப் பார்க்காமல் தனியாகப் படியுங்கள். தடுக்கிய இடங்களில் கோடு மட்டும் போடுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக மூலத்தோடு ஒப்பிடுங்கள். கடைசியில், போட்ட ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: மூலத்தோடு முரண், வாடிக்கையாளர் தந்த சொற்பட்டியலோடு முரண், இலக்கணப் பிழை, வாசகருக்குப் புரியாது. இவற்றில் ஒன்றும் பொருந்தாமல் “இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்” என்று மட்டும் எழுத வருகிறதா? குறியை அழித்துவிடுங்கள். சொற்பட்டியலில் ‘வாகனம்’ இருந்தால் அந்தத் திருத்தம் நியாயமானது. இல்லாவிட்டால் ‘வண்டி’ இருக்கட்டும். ஸ்கூட்டர் வைத்திருப்பவரும் அது தனக்குத்தான் என்று புரிந்துகொள்வார். தவிர, ஓரிடத்தில் மட்டும் ‘உட்கொள்’ என்று மாற்றி, தாளின் மற்ற பக்கங்களில் ‘சாப்பிடு’ என்றே விட்டுவிட்டால், வரைவில் இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

குறிப்பை எப்படி எழுதுவது? “மருந்தின் விளைவு தெரியும்வரை என்ற வரம்பு விடுபட்டிருக்கிறது; இப்போது நிரந்தரத் தடையாகப் பொருள்படுகிறது” என்றால் போதும். வாக்கியத்தை எப்படிச் சரிசெய்வது என்பதை மொழிபெயர்த்தவரிடமே விடலாம். தாள் அன்றே அச்சுக்குப் போகிறது என்றால் மாற்று வாக்கியத்தையும் தரத்தான் வேண்டும். அப்போதும் அவருடைய ‘சாப்பிடும்’, ‘வண்டி’ இரண்டையும் வைத்துக்கொண்டே எழுத முடியும்.

சில வரைவுகளில் வரிக்கு ஒரு பொருள் பிழை இருக்கும். அவற்றை உட்கார்ந்து திருத்துவது சரிபார்ப்பு ஆகாது, சரிபார்ப்புக் கூலிக்குச் செய்யும் மறுமொழிபெயர்ப்பு. முதல் இரண்டு பக்கங்களுக்கு மட்டும் காரணங்களோடு குறிப்பெழுதி, வேலை தந்தவருக்குத் தெரிவித்து, வரைவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.